இரண்டு பக்கத்துக்கு மிகாமல்

யோகேஸ்வரிக்குப் பகலில்தான் கனவு வரும். விருதுநகர் கோர்ட்டில் சீனியருக்குப் பின்னால் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வரும். வாய்தா கேட்டுத் தலையைச் சொறியும் வக்கீல்களுக்கு நடுவில் அவள் பாட்டுக்கு ஏதோ ஒரு மழை ஊரில் நடந்துகொண்டிருப்பாள். “ஏம்மா, தூங்குறியா?” என்று சீனியர் கேட்டால், “இல்ல சார்” என்று கண்ணைத் திறந்துகொண்டே சொல்வாள். தூங்கவில்லைதான். ஆனால் இங்கேயும் இல்லை.

அந்த மழை ஊர் இங்கிலாந்தில் இருந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் சட்டத்தில் எல்.எல்.எம். படிக்க விண்ணப்பம் போடப்போகிறாள். ஒரு வருஷப் படிப்பு. மதுரையில் சட்டம் படித்த மதிப்பெண் பட்டியல் தயார். ஆங்கிலத் தேர்வு எழுதியாயிற்று. சீனியரும் கல்லூரிப் பேராசிரியை ஒருவரும் பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தது எஸ்.ஓ.பி. ஒன்றுதான். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இங்கே, படித்துவிட்டு என்ன செய்யப்போகிறாய் என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் விண்ணப்பதாரரே எழுத வேண்டிய நோக்க அறிக்கை.

இரண்டு பக்கம் என்ன பெரிய விஷயமா? அவளுக்கு ஒரு மாதமாக இரண்டு வரி நகரவில்லை.

தெப்பக்குளத்துப் பக்கம் மாடியில் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையம் வைத்திருந்த அருள்பாண்டி அதைக் கேட்டுச் சிரித்தான். அவனுக்கு எஸ்.ஓ.பி. எழுதுவது இட்லி ஊற்றுவது மாதிரி. தட்டு ஒன்று, மாவு ஒன்று.

“மேடம், ஒங்க ஊரு நேட்டிவ் எது?”

“இங்கனதான். அப்பாவுக்கு ஏழாயிரம்பண்ணைல பட்டாசு பேக்டரி.”

“அருமை! வெடி விபத்துல வீட்டுல யாரும் தவறியிருக்காகளா?”

“இல்ல.”

“சொந்தபந்தம்?”

“யாரும் இல்ல. நாங்க ஓனர்.”

அருள்பாண்டியின் முகம் வாடிவிட்டது. ஓனர் மகளை வைத்து அவன் எந்தக் கண்ணீரை வரவழைப்பான்? இருந்தாலும் தொழில் தெரிந்தவன், மனம் தளரவில்லை. இரண்டு நாளில் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டான். அதில் யோகேஸ்வரி சின்ன வயதிலிருந்தே நீதிக்காக ஏங்கினாள். அவளுடைய தந்தை ஒரு கூலித் தொழிலாளி. ஒரு தீபாவளிக்கு முன்னால் விபத்தில் செத்துப்போனார்.

அதை வாசித்துக்கொண்டிருந்தபோது செத்துப்போன ரத்தினசாமி அடுத்த அறையில் உட்கார்ந்து போனில் சத்தம்போட்டு ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார். அவள் சிரித்துவிட்டு அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். “அவுகளுக்கு அங்கன எப்படித் தெரியும் மேடம்?” என்றான் அருள்பாண்டி. “போன வருஷம் நான் அனுப்புன மூணு பேருக்கும் அப்பா இல்ல. மூணு பேருக்கும் சீட்டு கெடச்சுருச்சு.”

அவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெள்ளைத் திரையின் முன்னால் உட்கார்ந்தாள். அப்போதுதான் பகல் கனவில் ஒரு அம்மா வர ஆரம்பித்தாள்.

விண்ணப்பங்களை வாசிக்கும் அம்மா. எங்கோ ஒரு பழைய கட்டிடத்தில், மழை வழியும் சன்னலோரம், வெள்ளை முடியோடு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கட்டுக்கட்டாகக் காகிதங்களோடு உட்கார்ந்திருப்பாள். யோகேஸ்வரி பார்த்தே இராத முகம். ஆனால் பேச்சு மட்டும் அச்சு அசல் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பேச்சு. கனவுக்கு யார் கேள்வி கேட்பது?

“ஏந்தாயி, தொழிலாளர் சட்டம்னு எழுதியிருக்கியே, ஒனக்கு எதுக்கு அது?” என்றாள் அந்த அம்மா.

“ஆர்வம்” என்றாள் யோகேஸ்வரி.

“இந்தக் கட்டுல இருக்கிற அம்புட்டுப் பேரும் அதத்தான் சொல்றாக. ஒன்னயத் தூங்கவிடாம ஏதாச்சும் இருக்கா? அதச் சொல்லு.”

இருந்தது. அது பாலம்மாளின் கை.

ரத்தினசாமியின் பேக்டரியில் அவர் பெயருக்கு லைசென்ஸ் இருந்ததே தவிர, பாதி ரூம்களில் வேலை அவருடையதல்ல. ஆள் ஆளுக்கு லீசுக்கு விட்டிருந்தார். லைசென்ஸ் நிபந்தனைப்படி அப்படி விடக் கூடாது. அதனால் எழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அந்தப் பக்கத்தில் பலரும் செய்கிற காரியம்தான் என்பதால் அவருக்கு அது தப்பாகவே தோன்றியதில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிற மாதிரி நினைத்திருந்தார். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி சீசனில் அப்படி ஒரு ரூமில் வெடிமருந்து உரசிப் பற்றிக்கொண்டது. நல்லவேளையாக உயிர் ஒன்றும் போகவில்லை. பாலம்மாளுக்கு வலது கை வெந்து, ஆறியபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. லீசுக்கு எடுத்தவன் வருகைப் பதிவேட்டோடு ஊரைவிட்டுப் போனான். ரத்தினசாமி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார், அதைத் தருமம் என்று சொல்லிச் செய்தார். நஷ்ட ஈடு என்ற பேச்சு வந்தபோது மட்டும், “எங்கிட்ட அவ வேல பாக்கலையே” என்றார்.

அப்போது யோகேஸ்வரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவளிடம் பாலம்மாள் கையைத் துண்டில் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். “பாப்பா, நீ சட்டம் படிக்கியாம்ல. நான் யாருகிட்ட வேல பாத்தேன்னு சொல்லு. ரூம எடுத்தவன் ஓடிட்டான், ஒங்கப்பா தங்கிட்ட இல்லங்காக. நான் யாருமே இல்லாத எடத்துலயா போய்க் கையச் சுட்டுக்கிட்டேன்?”

பதில் அவளுக்குத் தெரியும். வேலையை வேறொருவன் கையில் கொடுத்தாலும் முதன்மை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் கொடுத்தேன் என்று யாராவது சொல்ல வேண்டுமே. சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “விசாரிச்சுச் சொல்றேன் அக்கா” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த வெட்கம் அவளை விட்டுப் போகவே இல்லை.

“அத எழுது” என்றாள் மழை ஊர் அம்மா.

எழுதினாள். ஒட்டிப்போன விரல்களைப் பற்றி, கேட்ட கேள்வியைப் பற்றி, எழுத்தில் இல்லாத லீசை நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளியின் தலையில் வைப்பது நியாயமா என்பதைப் பற்றி. மற்ற நாடுகளில் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று அந்தப் படிப்பில் எந்தெந்தப் பாடங்களில் தேடப்போகிறாள், திரும்பி வந்து எங்கே வழக்காடப்போகிறாள் என்பதையும் எழுதினாள். ஒரு மாதம் நகராதது ஒரே மத்தியானத்தில் இரண்டு பக்கம் வந்துவிட்டது. கடைசியாக, ‘என் ஊருக்கு அருகில் உள்ள ஒரு தொழிற்சாலையில்’ என்று எழுதியிருந்த இடத்தில் அந்த அம்மா விரலை வைத்தாள்.

“ஒரு தொழிற்சாலைன்னா? அதுக்கு ஓனரு இல்லையா தாயி?”

யோகேஸ்வரி சன்னலைப் பார்த்தாள். வெளியே மழை இல்லை, மார்கழி மாதத்து வெயில்தான். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு, ‘என் தந்தையின் தொழிற்சாலையில்’ என்று எழுதினாள். அங்கே யாரோ ஒருத்தி வாசிக்கப்போகிறாள், வாசித்துவிட்டு மூடிவைக்கப்போகிறாள். இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு தைரியம்.

அருள்பாண்டி அதை பி.டி.எப். ஆக்கி விண்ணப்பத்தில் ஏற்றினான். அவன் முதல் பத்தியைத் தாண்டி வாசிக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ரத்தினசாமி கேட்டார், “என்ன பாப்பா எழுதியிருக்க?”

“நம்ம பேக்டரியப் பத்திதான்பா. ஒங்களயும் சொல்லியிருக்கேன்.”

பொய் இல்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் பொய் சொன்ன மாதிரியே இருந்தது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன். மகள் லண்டன் காகிதத்தில் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்குச் சந்தோஷம் வந்தால் சும்மா இருக்க முடியாது, அச்சடித்தாக வேண்டும். காதுகுத்து, கடைத் திறப்பு, கோயில் கொடை, பேரன் மொட்டை, எதுவானாலும் நாலு கலரில் வந்தால்தான் அது நடந்ததாக அர்த்தம். யோகேஸ்வரியின் தாய்மாமன் அய்யப்பன் சிவகாசியில் ஆப்செட் அச்சகம் வைத்திருந்தார். காலண்டர் சீசன் முடிந்து மிஷின் சும்மா கிடந்தது. ரத்தினசாமி அருள்பாண்டிக்குப் போன் போட்டு அந்த பி.டி.எப்.பை வாங்கி மச்சினனுக்கு அனுப்பிவிட்டார். ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டுமாம்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. போகி அன்று கோர்ட்டிலிருந்து வந்தவள் கூடத்தில் பெரிய கட்டு ஒன்றைப் பார்த்தாள். வழவழவென்ற ஆர்ட் பேப்பர். மேலே லட்சுமி, ஓரமெல்லாம் தங்க நிறத்தில் மாங்காய்க் கரை, மூலையில் கறுப்புக் கோட்டில் அவள் படம். நடுவில், ஒரு எழுத்தும் மாறாமல், அவளுடைய இரண்டு பக்கம் முன்னும் பின்னுமாக.

“அப்பா! இது என்னது?”

“நல்லாருக்கா? மாமா சொந்தச் செலவுல அடிச்சுக் கொடுத்துட்டான். பட்டாசு ஓனர் சங்கத்துல எல்லாருக்கும் கொடுத்தாச்சு. பேங்க் மேனேசர் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. பேக்டரி ஆளுகளுக்குப் பொங்கல் மிட்டாய் டப்பாவோட ஒண்ணொண்ணு வச்சு விட்டாச்சு.”

“எல்லாருக்குமா?”

“முன்னாடி வேல பாத்தவுகளுக்கும் போச்சு. விட்டுப்போச்சுன்னு ஒருத்தரும் சொல்லப்படாதுல்ல.”

 ஊரெல்லாம் அந்தக் காகிதங்கள் பறப்பதாகவும், தான் பின்னாலேயே ஓடி ஓடிப் பொறுக்குவதாகவும், பொறுக்கப் பொறுக்க வேப்ப மரத்திலிருந்து இன்னும் உதிர்வதாகவும் விழித்த கண்ணிலேயே கண்டாள். அப்பாவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அவர் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, புரியாத எழுத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டாள். யார் இங்கிலீஷில் இரண்டு பக்கம் வாசிக்கப்போகிறார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். சங்கத்து ஆட்கள் படத்தைப் பார்ப்பார்கள், லட்சுமியைப் பார்ப்பார்கள், கண்ணாடிக்குப் பின்னால் செருகிவைப்பார்கள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் பாலம்மாள் வந்தாள்.

கூடத்தில் ரத்தினசாமியும் அய்யப்பன் மாமாவும் பேக்டரி போர்மேன் மணிமுத்துவும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பாலம்மாள் வாசல்படி தாண்டி நின்றாள். இடது கையில் அந்த வழவழப்புத் தாள்.

“வா பாலம்மா. டப்பா வந்துச்சா?” என்றார் ரத்தினசாமி.

“வந்துச்சு மொதலாளி. எம் மக சாத்தூர்ல காலேஜுல படிக்கால்ல. அவ வாசிச்சா. இதுல என்னயப் பத்தி எழுதியிருக்காமே?”

“ஒன்னயப் பத்தியா?” ரத்தினசாமி சிரித்தார். “எம் மக என்னயப் பத்தி எழுதியிருக்கா.”

“ஒங்களப் பத்தியும் இருக்காம். ஒங்க பேக்டரிலதான் எங் கை வெந்துச்சுன்னு இருக்காம். ரூம லீசுக்கு விட்டது நீங்கதான்னு இருக்காம். நெசமா மொதலாளி?”

 மாட்டுக்குக் கட்டிய சலங்கை எங்கோ தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தினசாமி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் யோகேஸ்வரி தாங்கியிருப்பாள். கூட்டத்தில் கை நழுவிப்போன சின்னப் பையன் மாதிரி பார்த்தார்.

“வாசி பாப்பா” என்றார். “தமிழ்ல சொல்லு.”

அவள் தாளை வாங்கினாள். நின்றபடியே, தங்கக் கரைக்குள் இருந்த ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிச் சொன்னாள். கோர்ட்டில் ஒருநாளும் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. விரல்கள், கேள்வி, ‘என் தந்தையின் தொழிற்சாலையில்’, ‘என் தந்தை மறுத்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன்.’ குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, நிறுத்தவில்லை.

முடித்ததும் மணிமுத்துதான் முதலில் எழுந்தான். “மொதலாளி, சின்னப் புள்ள சீட்டுக்காக என்னமோ கூட்டி எழுதியிருக்கு. ஒரு வார்த்த பொய்யின்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு.”

அய்யப்பன் மாமாவுக்கு வேர்த்துவிட்டது. தன் மிஷினில் ஓடிய காகிதமாயிற்றே. “ஆமா மச்சான்” என்றார் பலவீனமாக.

யோகேஸ்வரி அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இப்போது பேசினது மகளா வக்கீலா என்று அவளுக்கே தெரியாது.

“அப்பா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. இது நான் எழுதுனது. நான் எழுதுனது ஒங்களக் கட்டுப்படுத்தாது. அச்சடிச்சது என்ன எழுதியிருக்குன்னு தெரியாம அடிச்சது, அதையும் யாரும் ஒங்க ஒப்புதல்னு சொல்ல முடியாது. ஒங்க வாயால சொன்னாத்தான் அது ஒப்புதல். சொன்னா லைசென்ஸே போகலாம். சும்மா இருந்தாப் போதும்.”

சட்டம் அப்படித்தான். அதைச் சொல்லாமல் விட அவளுக்கு உரிமை இல்லை. சொல்லிவிட்டு, தன் கையாலேயே பாலம்மாளை மறுபடி வாசலுக்கு வெளியே தள்ளிவிட்ட மாதிரி உணர்ந்தாள்.

ரத்தினசாமி தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

“பொய்யின்னு சொன்னா,” என்றார் மெதுவாக, “எம் மக பொய் எழுதுனவன்னு ஆகும்ல?”

“அது பரவால்லப்பா.”

“எனக்குப் பரவால்லையா? சங்கத்துல ஒவ்வொருத்தன் கையிலயும் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன். எம் மக எழுதுனது, எம் மக எழுதுனதுன்னு சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கேன்.” தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டார். “பாலம்மா, இங்கன வந்து உக்காரு.”

அவள் உட்காரவில்லை.

“அந்த ரூம லீசுக்கு விட்டது நான்தான். நீ வேல பாத்தது எங்கிட்டதான். பாப்பா எழுதுனதுல ஒரு எழுத்து பொய்யில்ல. மணிமுத்து, நீயும் கேட்டுக்க. மச்சான், நீயும் கேட்டுக்க. எவனாவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

மணிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். பாலம்மாள் அப்போதுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வலது கையை மறைத்திருந்த துண்டு நழுவியது, அதை எடுத்து மூடிக்கொள்ளவில்லை. அழுதாளா என்றால் இல்லை. “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மொதலாளி” என்றாள். 

நஷ்ட ஈட்டு மனு போட விபத்து நாளிலிருந்து இரண்டு வருஷக் கெடு. இன்னும் சில மாதம் பாக்கி இருந்தது. யோகேஸ்வரி காகிதம் எடுத்து, சாத்தூரில் இருக்கும் அழகுமீனா என்ற வக்கீலின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். “இந்த வாரமே போய்ப் பாருங்க அக்கா. நான் பேசி வைக்கிறேன்” என்றாள். பாலம்மாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, காபி கொண்டுவந்த யோகேஸ்வரியின் அம்மாவிடம் வேண்டாம் என்று கையாட்டிவிட்டுப் போனாள். மணிமுத்துவும் மாமாவும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கிளம்பினார்கள்.

கூடத்தில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். அவள் மழை ஊரை நினைத்துப் பார்த்தாள். சன்னல் தெரிந்தது, காகிதக் கட்டுகள் தெரிந்தன, நாற்காலியில் ஆள் இல்லை. லைசென்ஸ் போய்விட்டால் அந்த ஊருக்கு யார் அனுப்பிவைப்பார்கள்? அப்பாவுக்கும் அது தெரிந்தேதான் இருக்க வேண்டும். கணக்கில் அவர் புலி.

“வேற வக்கீலு எதுக்கு பாப்பா?” என்று கேட்டார் ரத்தினசாமி. “நீயும் வக்கீலுதான. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீயே நடத்துனா என்ன?”

“நான் நடத்தக் கூடாதுப்பா.”

“ஏன், அப்பாங்கிறதாலயா?”

“அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்ல. இப்ப நீங்க சொன்னத நானும் கேட்டேன். நான் அந்தக் கேஸுல சாட்சி.”

“யாருக்கு?”

“பாலம்மாளுக்கு.”

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“அப்ப எனக்கு எதிரா.”

“ஆமாப்பா” என்றாள். சொன்னதும் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. குழந்தை மாதிரி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ரத்தினசாமிக்கும் கண் நிறைந்தது. அவளை விலக்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே, “சாட்சிக் கூண்டுல ஏறுனா கொரல் ஒடையாமச் சொல்லணும் பாப்பா” என்றார். “இப்ப வாசிச்சப்ப ரெண்டு எடத்துல ஒடஞ்சிருச்சு.”